ரிஃபாம்பிசினும் பிற மருந்துகளின் சிதைவும்: ஒரு வரலாறு

ரிஃபாம்பிசின் காசநோய்ச் சிகிச்சையில் பயன்படும் முதன்மை மருந்துகளுள் ஒன்று. சிறுநீரையும் வியர்வையையும் செம்மஞ்சள் நிறமாக்கும் மருந்து என்று நோயாளிகள் இதனை எளிதில் அடையாளம் கண்டுகொள்வர். கண்ணுக்குத் தெரியாத மற்றொரு விளைவும் இதற்கு உண்டு. இது கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளின் அளவைப் பெருக்குகிறது. அதனால் நோயாளி வேறு நோய்களுக்காக உட்கொள்ளும் மருந்துகள் வழக்கத்தைவிட விரைவாகச் சிதைந்து, குருதியில் போதிய அளவு நில்லாமல் போகின்றன. கருத்தடை மாத்திரை, குருதி உறைவுத் தடுப்பு மருந்து, நீரிழிவு மாத்திரை ஆகியவை இவற்றுள் முக்கியமானவை.

இவ்விளைவு மருந்து விற்பனைக்கு வருமுன் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டதன்று. மருந்து விற்பனைக்கு வந்தபின் நோயாளிகளின் உடலில் முதலில் தெரிந்தது. அதற்கான காரணம் முழுமையாக விளங்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

## பைன் காட்டு மண்ணிலிருந்து

1957ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரிலிருந்த லெப்பெத்தித் என்னும் மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திற்கு ஒரு மண் மாதிரி வந்தது. பிரான்சின் தென்கடற்கரையில் உள்ள செயின்ட் ரஃபாயேல் என்னும் ஊருக்கு அருகில், ஒரு பைன் மரக்காட்டில் எடுக்கப்பட்ட மண் அது. பியரோ சென்சி, மரியா தெரேசா திம்பல் ஆகியோர் அடங்கிய குழு, அம்மண்ணிலிருந்து அதுவரை அறியப்படாத ஒரு நுண்ணுயிரியைப் பிரித்தெடுத்தது. அது சுரந்த பொருள்கள் பிற பாக்டீரியாக்களைக் கொன்றன. அந்நாளில் புகழ்பெற்றிருந்த ‘ரிஃபிஃபி’ என்னும் பிரெஞ்சுத் திரைப்படத்தின் பெயரை ஒட்டி, அப்பொருள்களுக்கு ரிஃபாமைசின் என்று பெயரிட்டனர்.

முதலில் கிடைத்த ரிஃபாமைசின்களை ஊசி வழியாகத்தான் செலுத்த முடிந்தது. அவை பித்தநீரோடு விரைவாக வெளியேறியும் விட்டன. வாயால் உட்கொள்ளத்தக்க ஒரு வடிவத்தைத் தேடிப் பல நூறு மாற்று மூலக்கூறுகள் செய்து பார்க்கப்பட்டன. 1965இல் உருவான ரிஃபாம்பிசின் அத்தேவையை நிறைவு செய்தது. 1968இல் இத்தாலியில் அது பயன்பாட்டுக்கு வந்தது. 1971இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

## பதினெட்டு மாதம் ஆறு மாதமானது

ரிஃபாம்பிசினுக்கு முன்பும் காசநோயைக் குணப்படுத்த மருந்துகள் இருந்தன. ஆனால் அவற்றைப் பதினெட்டு மாதங்கள் முதல் இரண்டு ஆண்டுகள் வரை விடாமல் உட்கொள்ள வேண்டியிருந்தது. இடையில் நிறுத்திவிட்டால் நோய் திரும்பும்.

பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றமும் கிழக்கு ஆப்பிரிக்க மருத்துவர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முதல் முடிவுகள் 1972இல் வெளிவந்தன. ஸ்ட்ரெப்டோமைசின், ஐசோனியாசிட் ஆகிய இரண்டை மட்டும் ஆறு மாதம் பெற்றவர்களில் நான்கில் ஒரு பங்கினருக்கு மேல் நோய் திரும்பியது. அவற்றோடு ரிஃபாம்பிசினும் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவருக்கே திரும்பியது. ஆறு மாதச் சிகிச்சை என்பது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்த ஆய்வுகளை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவரான வாலஸ் ஃபாக்ஸ், அதற்கு முன் சென்னையில் பணியாற்றியவர். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தின் முதல் பெரிய ஆய்வு அவருடைய வழிகாட்டலில் நடந்தது. வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொள்பவர்களும், சானடோரியத்தில் தங்கி மருந்து உட்கொள்பவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைகின்றனர் என்று 1959இல் அவ்வாய்வு காட்டியது. அதன்பின் உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை மருத்துவமனைக் கட்டிலிலிருந்து வீட்டுக்கு நகர்ந்தது.

இந்த இரு மாற்றங்களும் நன்மையே. ஆயினும் அவை சேர்ந்தபோது ஒரு புதிய நிலை உருவாயிற்று. வீட்டிலிருக்கும் நோயாளி காசநோய் மாத்திரையை ஓரிடத்திலும், சர்க்கரைக்கோ இதயத்திற்கோ உரிய மாத்திரையை வேறோரிடத்திலும் பெறுகிறார். கருத்தடை மாத்திரையை மூன்றாவது ஓரிடத்தில் வாங்குகிறார். அவர் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரே மருத்துவர் பார்ப்பதில்லை. ரிஃபாம்பிசின் பிற மருந்துகளைப் பாதிப்பது இத்தகைய சூழலில்தான் எளிதில் கவனத்திற்குத் தப்புகிறது.

## முதல் அறிகுறிகள்

முதல் எச்சரிக்கை 1970இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. குருதி உறையாமல் தடுக்கும் அசெனோகூமரால் என்னும் மருந்தை உட்கொண்டு வந்தவர்களுக்கு ரிஃபாம்பிசின் கொடுத்தபோது, பழைய அளவு போதவில்லை. குருதிப் பரிசோதனையைச் சரியான எல்லைக்குள் வைத்திருக்க மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. இந்த அசெனோகூமரால், இதய வால்வு மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு இன்றும் தமிழ்நாட்டில் பரவலாகக் கொடுக்கப்படும் மருந்தே.

அடுத்த ஆண்டு மேற்கு செருமனியில் ரைமர்ஸ், யெசெக் என்னும் இருவர் மற்றொன்றைக் குறித்து எழுதினர். காசநோய்க்காக ரிஃபாம்பிசின் பெற்றுவந்த இளம் பெண்களில் கருத்தடை மாத்திரை உட்கொண்டவர்களுக்கு, மாதவிலக்கு நாள்களுக்கு இடையே எதிர்பாராத குருதிப்போக்கு மிகுதியாகக் காணப்பட்டது. மாத்திரையை ஒழுங்காக உட்கொள்ளாதவர்களுக்கு இவ்வாறு நேர்வதுண்டு. ஆனால் இப்பெண்கள் மாத்திரையைத் தவறவிட்டவர்கள் அல்லர்.

1973இல் அதே செருமானியக் குழுவினர் விரிவான தரவுகளை வெளியிட்டனர். ரிஃபாம்பிசினையும் கருத்தடை மாத்திரையையும் சேர்த்து உட்கொண்ட 88 பெண்களில், மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேல் மாதவிலக்குச் சுழற்சியில் மாற்றம் காணப்பட்டது. ஐந்து பேர் கருவுற்றிருந்தனர். ஒழுங்காக உட்கொள்ளும்போது கருத்தடை மாத்திரை தவறுவது மிக அரிது. 88 பேரில் ஐவர் கருவுற்றதைத் தற்செயல் என்று ஒதுக்க இயலாது.

கருவுறாத மற்றப் பெண்களின் நிலையும் கருதத்தக்கது. இடைக்கால குருதிப்போக்கு இருந்தால், மாத்திரையின் வலிமை குறைந்துள்ளது என்பதற்கு அது ஓர் அறிகுறி ஆகலாம். குருதிப்போக்கு இல்லாததனால் மாத்திரை வேலை செய்கிறது என்று முடிவு செய்ய முடியாது. சுழற்சி ஒழுங்காகத் தோன்றும்போதே கருமுட்டை வெளியாகக்கூடும். இந்த வேறுபாட்டை அறியாமல், எல்லாம் சரியாக உள்ளது என்று எண்ணுவோர் இன்றும் உளர்.

## கல்லீரலில் என்ன நடந்தது?

இரு மருந்துகள் வயிற்றில் கலந்து ஒன்றையொன்று கெடுக்கின்றனவா, குடலில் உறிஞ்சப்படாமல் போகின்றனவா, அல்லது உறிஞ்சப்பட்டபின் விரைவாக அழிக்கப்படுகின்றனவா என்பதே அடுத்த வினா. 1975இல் செருமனியைச் சேர்ந்த போல்ட், காப்புஸ் ஆகியோரின் குழு இதற்கு நேரடியான விடையைத் தந்தது. நோயாளிகளிடமிருந்து ஊசி வழியாகக் கல்லீரலின் சிறு துணுக்குகளை எடுத்து, அவை எத்தினைல் எஸ்திராடையாலை எவ்வளவு விரைவாகச் சிதைக்கின்றன என்று அளந்தனர். எத்தினைல் எஸ்திராடையால் என்பது கருத்தடை மாத்திரையில் உள்ள பெண் இயக்குநீரின் செயற்கை வடிவம். சில நாள்கள் ரிஃபாம்பிசின் உட்கொண்டபின், அதைச் சிதைக்கும் வேகம் ஏறத்தாழ நான்கு மடங்காகியிருந்தது.

கல்லீரலில் சைட்டோகுரோம் பி450 எனப்படும் ஒரு பெரிய நொதிக் குடும்பம் உண்டு. உடலுக்குள் வரும் அயற்பொருள்களை வெளியேற்றத் தகுந்த வடிவத்திற்கு மாற்றுவது இவற்றின் பணி. இக்குடும்பத்தில் 3ஏ4 என்று எண்ணிடப்பட்ட நொதி மட்டுமே, இன்று பயன்படும் மருந்துகளில் ஒரு பெரும் பகுதியைச் சிதைக்கிறது. கருத்தடை மாத்திரையின் இயக்குநீரைச் சிதைப்பதில் பெரும் பங்கு இதற்கு உண்டு. வார்ஃபாரினையும் பல நீரிழிவு மாத்திரைகளையும் சிதைப்பது 2சி9 என்னும் மற்றொரு நொதி. ரிஃபாம்பிசின் இரண்டையும் பெருக்குகிறது.

ஓர் அரிசி ஆலையை எண்ணிப் பார்க்கலாம். இரண்டு எந்திரங்கள் ஓடும் ஆலையில் ஒரு நாளுக்கு எத்தனை மூட்டை அரைபடும் என்பது தெரிந்த கணக்கு. யாரோ ஒருவர் பெரிய அளவில் நெல் கொண்டுவருவதைப் பார்த்து, ஆலைக்காரர் மேலும் ஆறு எந்திரங்களை நிறுவிவிடுகிறார். அதன்பின் வேறு யார் மூட்டை கொண்டுவந்தாலும் அது முன்னிலும் விரைவாக அரைபட்டுவிடும். பெரிய அளவில் நெல் கொண்டுவந்தவர் ரிஃபாம்பிசின். மற்ற மூட்டைகள் அதே கல்லீரல் வழியாகச் செல்லும் பிற மருந்துகள். ரிஃபாம்பிசின் தன் சிதைவையும் இவ்வாறே விரைவுபடுத்திக்கொள்கிறது. முதல் நாளில் குருதியில் தங்கும் நேரத்தைவிட இரண்டு வாரம் கழிந்தபின் தங்கும் நேரம் குறைவு.

இந்த ஒப்புமை காலம் பற்றிய ஒன்றையும் விளக்குகிறது. எந்திரங்களை நிறுவ நேரம் பிடிக்கும். அதுபோலவே புதிய நொதிகள் உருவாகி விளைவு முழுமை அடைய ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகின்றன. நெல் வருவது நின்ற மறுநாளே எந்திரங்கள் மறைந்துவிடுவதில்லை. ரிஃபாம்பிசின் ஓரிரு நாளில் உடலைவிட்டு நீங்கிவிடும். ஆனால் அது உருவாக்கிச் சென்ற நொதிகள் மெல்ல மெல்ல அழிந்து பழைய அளவுக்குத் திரும்ப ஏறத்தாழ இரண்டு வாரங்கள், சிலரில் அதற்கும் மேல், தேவைப்படும். ஆகவே இந்த விளைவு தாமதமாக வந்து தாமதமாகவே விலகுகிறது. இதனால் சிகிச்சை தொடங்கும் நாளில் எடுத்த பரிசோதனை எதையும் காட்டாது. சிகிச்சை முடிந்த நாளில் எல்லாம் முடிந்துவிட்டது என்று கருதுவதும் பிழையாகும்.

## எலிகள் காட்டிக்கொடுக்காதது ஏன்?

புதிய மருந்துகள் மனிதருக்குக் கொடுக்கப்படுமுன் எலிகளில் சோதிக்கப்படுகின்றன. எலிகளுக்கு ரிஃபாம்பிசின் கொடுத்தபோது, மனிதரிடம் கண்டது போன்ற நொதிப் பெருக்கம் தோன்றவில்லை. அதே சமயம், எலிகளில் நொதியைப் பெருக்கிய வேறு சில பொருள்கள் மனிதரில் அவ்வாறு செய்யவில்லை. இம்முரண்பாடு நெடுங்காலம் விளங்காமலே இருந்தது.

1998இல் பல ஆய்வுக்குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விடையைக் கண்டன. கல்லீரல் உயிரணுக்களுக்குள் பிரெக்னேன் எக்ஸ் ஏற்பி என்னும் புரதம் ஒன்று உள்ளது. அயற்பொருள் ஒன்று வந்து இதில் பொருந்தினால், இது உயிரணுவின் கருவில் உள்ள மரபணுக்களைத் தூண்டி, 3ஏ4 முதலிய நொதிகளை மிகுதியாக உருவாக்கச் செய்கிறது. பூட்டுப் போன்ற இந்த ஏற்பியின் அமைப்பு உயிரினத்துக்கு உயிரினம் சற்றே மாறுபடுகிறது. ரிஃபாம்பிசின் மனித ஏற்பியில் நன்றாகப் பொருந்தும். எலியின் ஏற்பியில் அவ்வாறு பொருந்துவதில்லை.

2000ஆம் ஆண்டில் இதற்கு மேலும் உறுதி கிடைத்தது. மனித ஏற்பியைக் கொண்டிருக்குமாறு மரபணு மாற்றம் செய்யப்பட்ட சுண்டெலிகளுக்கு ரிஃபாம்பிசின் கொடுத்தபோது, அவை மனிதரைப் போலவே நொதிகளைப் பெருக்கிக்கொண்டன. விலங்குச் சோதனை ரிஃபாம்பிசினில் வழி தவறியது ஏன் என்பது அப்போது தெளிவாயிற்று. இன்று ஒரு புதிய மருந்து உருவாகும்போது, அது மனிதனின் இந்த ஏற்பியைத் தூண்டுகிறதா என்று தொடக்கத்திலேயே சோதிக்கின்றனர். புதிய மருந்தொன்று இந்நொதிகளால் சிதைக்கப்படுமா என்று தன்னார்வலர்களில் அறிய வேண்டுமானால், அதனோடு கொடுத்துப் பார்க்கும் அளவுகோல் மருந்தாக ரிஃபாம்பிசினே பயன்படுகிறது.

## குருதி உறைவுத் தடுப்பு மருந்து: ஏற்றமும் இறக்கமும்

1974, 1975ஆம் ஆண்டுகளில் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ஓ’ரைலி, உடல்நலமுள்ள தன்னார்வலர்களுக்கு வார்ஃபாரினைத் தனியாகவும் ரிஃபாம்பிசினோடும் கொடுத்து அளந்தார். ரிஃபாம்பிசின் சேர்ந்தபோது வார்ஃபாரின் குருதியிலிருந்து வெகு விரைவாக நீங்கியது. குருதி உறைதலைத் தாமதப்படுத்தும் அதன் ஆற்றலும் வெகுவாகக் குறைந்தது. முன்பு சுவிட்சர்லாந்தில் நோயாளிகளிடம் கண்டதை இது அளவீடுகளால் உறுதி செய்தது.

வார்ஃபாரின், அசெனோகூமரால் உட்கொள்பவர்களுக்கு ஐ.என்.ஆர். என்னும் குருதிப் பரிசோதனை செய்யப்படுகிறது. மருந்து உட்கொள்ளாதவருக்கு இம்மதிப்பு ஏறத்தாழ 1. காலில் குருதிக்கட்டி ஏற்பட்டவருக்கு 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். இதயத்தின் ஈரிதழ் வால்வுக்குப் பதிலாக உலோக வால்வு பொருத்தப்பட்டவருக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். மதிப்பு குறைந்தால் கட்டி உருவாகும். மிகுந்தால் குருதிப்போக்கு நேரும்.

2001இல் அமெரிக்க மருந்தியல் இதழ் ஒன்றில் வெளியான ஒரு நோயாளியின் வரலாறு, இதன் முழுப் போக்கையும் காட்டுகிறது. நீண்ட காலம் ரிஃபாம்பிசின் பெற வேண்டியிருந்த அந்நோயாளிக்கு, ஐ.என்.ஆர். சரியான எல்லையை அடைய வார்ஃபாரினின் அளவை நான்கு மாதங்களில் 233 விழுக்காடு உயர்த்த வேண்டியதாயிற்று. ரிஃபாம்பிசின் நிறுத்தப்பட்டபின், அதே எல்லையில் வைத்திருக்க நான்கைந்து வாரங்களில் 70 விழுக்காடு குறைக்க வேண்டியதாயிற்று.

இந்த விழுக்காடுகளின் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். ஒருவர் நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் வார்ஃபாரின் உட்கொள்கிறார் என்று கொள்வோம். 233 விழுக்காடு உயர்வு என்பது கூடுதலாக ஏறத்தாழ 11.7 மில்லிகிராம். அதாவது அவர் இப்போது நாளொன்றுக்கு 16 முதல் 17 மில்லிகிராம் வரை உட்கொள்ள வேண்டும். வேறொருவருக்கு இது ஆபத்தான அளவு. இவருக்கோ இதுவே போதுமான அளவு. ஏனெனில் மீதியைக் கல்லீரல் சிதைத்துவிடுகிறது. பின்னர் 16.7 மில்லிகிராமிலிருந்து 70 விழுக்காட்டைக் குறைத்தால் கிடைப்பது மீண்டும் 5 மில்லிகிராம். ரிஃபாம்பிசின் வருமுன் இருந்த அளவும் அது சென்றபின் இருக்கும் அளவும் ஒன்றே என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

ஏறும்போது இருக்கும் ஆபத்தும் இறங்கும்போது இருக்கும் ஆபத்தும் ஒன்றல்ல. தொடக்க வாரங்களில் மருந்து போதாமல் குருதி உறைந்து, உலோக வால்வு அடைபடவோ, கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதம் வரவோ கூடும். இறுதி வாரங்களில் நிலைமை தலைகீழாகிறது. காசநோய் குணமாகிவிட்டது என்று மகிழ்ச்சியோடு மாத்திரைகளை நிறுத்தியவர், உயர்த்தப்பட்ட வார்ஃபாரின் அளவையே தொடர்ந்து உட்கொள்கிறார். நொதிகள் நாளுக்கு நாள் குறைகின்றன. சிதைவு மந்தமாகிறது. குருதியில் மருந்து தேங்கத் தொடங்குகிறது. ஈறுகளில் குருதி கசிதல், காரணமின்றித் தோலில் நீலத் தடிப்பு, கருநிற மலம் ஆகியவை இதன் வெளிப்படையான அறிகுறிகள். சில வேளைகளில் அறிகுறி எதுவுமின்றி மூளையிலேயே குருதிப்போக்கு நேர்ந்துவிடும். ஆகவே ரிஃபாம்பிசின் தொடங்கிய வாரங்களிலும், அது நின்ற பின்னுள்ள வாரங்களிலும் ஐ.என்.ஆர். பரிசோதனை வாரத்திற்கு ஒரு முறையேனும் தேவைப்படுகிறது.

அண்மை ஆண்டுகளில் ரிவராக்சபான், அபிக்சபான் போன்ற புதிய உறைவுத் தடுப்பு மருந்துகள் வந்துள்ளன. வழக்கமான பரிசோதனை தேவையில்லை என்பது இவற்றின் சிறப்பாகக் கூறப்படுகிறது. ரிஃபாம்பிசின் இவற்றின் குருதி அளவையும் ஏறத்தாழ பாதியாகக் குறைக்கிறது. வழக்கமான பரிசோதனை இல்லாததால் அக்குறைவு வெளியே தெரிவதுமில்லை. எனவே இவ்விரண்டையும் ரிஃபாம்பிசினோடு சேர்த்துக் கொடுப்பதைத் தவிர்க்குமாறு மருந்துக் குறிப்புகளே கூறுகின்றன. அளந்து பார்க்க முடியும் என்பதால், இந்நிலையில் பழைய வார்ஃபாரினே பலருக்கு ஏற்றதாகிறது.

## நீரிழிவு மாத்திரைகள்

1974இல் பின்லாந்து ஆய்வாளர்கள், டோல்புட்டமைடு என்னும் நீரிழிவு மாத்திரை ரிஃபாம்பிசின் பெறுபவர்களின் குருதியிலிருந்து விரைவாக நீங்குவதைக் குறிப்பிட்டனர். டோல்புட்டமைடு இன்று வழக்கொழிந்துவிட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு மாத்திரைகள் பரவலாக உள்ளன. பிற்கால அளவீடுகளின்படி, கிளைபென்கிளமைடின் குருதி அளவை ரிஃபாம்பிசின் ஏறத்தாழ 40 விழுக்காடும், கிளிக்லசைடின் அளவை ஏறத்தாழ 70 விழுக்காடும் குறைக்கிறது.

நீரிழிவில் இதனைக் கண்டுகொள்வது வார்ஃபாரினைவிடக் கடினம். ஏனெனில் காசநோயே சர்க்கரையை உயர்த்துகிறது. காய்ச்சலும் தொற்றும் உள்ள உடலில் இன்சுலின் திறம்படச் செயல்படுவதில்லை. எனவே சிகிச்சையின் தொடக்கத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால், அது நோயாலா, மருந்துச் சிதைவாலா, உணவாலா என்று பிரித்தறிவது எளிதன்று. காலமே இங்கு ஒரு துப்பு ஆகிறது. தொற்றினால் உயர்ந்த சர்க்கரை, காய்ச்சல் தணிந்து பசி திரும்பும்போது இறங்கத் தொடங்க வேண்டும. காய்ச்சல் தணிந்து, நோயாளி தேறிவரும் இரண்டாம், மூன்றாம் வாரங்களிலும் சர்க்கரை ஏறிக்கொண்டே போனால், மாத்திரை சிதைக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வாறு பாராமல், நோயாளி உணவுக் கட்டுப்பாட்டை மீறுகிறார் என்று அவரைக் கடிந்துகொள்வது எளிதாக நேரும் தவறு.

எல்லா நீரிழிவு மருந்துகளும் இவ்வாறு பாதிக்கப்படுவதில்லை. மெட்ஃபார்மின் கல்லீரலில் சிதைவதில்லை. அது மாறாத வடிவில் சிறுநீர் வழியாக வெளியேறுகிறது. ஆகவே நொதிகள் பெருகுவதால் அதன் ஆற்றல் குறைவதில்லை. இன்சுலின் ஒரு புரதம். அதைச் சிதைக்கும் வழி வேறு. இதனால் காசநோய்ச் சிகிச்சைக் காலத்தில் மெட்ஃபார்மினைத் தொடர்வதும், தேவைப்பட்டால் இன்சுலினுக்கு மாற்றுவதும் வழக்கமாயிற்று.

இங்கும் இறங்கும் காலம் உண்டு. ஆறு மாதத்தில் கூட்டிய மாத்திரை அளவை, காசநோய்ச் சிகிச்சை முடிந்தபின் குறைக்காவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துபோகும். தொற்று நீங்கியதால் உடலின் தேவை குறைந்திருக்கும். சிதைவும் மந்தமாகியிருக்கும். இரண்டும் ஒரே திசையில் தள்ளுகின்றன. வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள்.

## கருத்தடையில் வந்த மாற்றங்கள்

1970களின் இறுதியில் பிரித்தானியாவில் டேவிட் பேக்கும் உடன் பணியாற்றியோரும் செய்த அளவீடுகளில், ரிஃபாம்பிசின் பெற்ற பெண்களின் குருதியில் கருத்தடை மாத்திரையின் இரு இயக்குநீர்களும் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருந்தன. அக்காலத்து மாத்திரைகளில் எத்தினைல் எஸ்திராடையால் பெரும்பாலும் 50 மைக்ரோகிராம் அளவில் இருந்தது. அத்தகைய மாத்திரைகளே தவறின. இன்று அரசு மருத்துவமனைகளில் வழங்கப்படும் மாலா–என் மாத்திரையில் இருப்பது 30 மைக்ரோகிராம். பக்கவிளைவைக் குறைப்பதற்காகச் செய்யப்பட்ட இக்குறைப்பு நல்லதே. ஆயினும் ரிஃபாம்பிசின் வரும்போது ஈடுகொடுக்க எஞ்சும் இடம் முன்னிலும் சிறிது.

எனவே கருத்தடை மாத்திரையையும், தோலுக்கடியில் வைக்கும் இயக்குநீர்க் குச்சியையும் ரிஃபாம்பிசின் காலத்தில் நம்புவதில்லை. காப்பர்–டி, கல்லீரல் வழியைச் சார்ந்திராததால் பாதிக்கப்படுவதில்லை. மூன்று மாதத்திற்கு ஒரு முறை போடும் ஊசியும் போதிய ஆற்றலோடு இருக்கிறது. ‘அந்தரா’ என்னும் பெயரில் இந்திய அரசு இலவசமாக வழங்குவது இவ்வகை ஊசியே. மாற்று ஏற்பாட்டை ரிஃபாம்பிசின் நின்ற நாளோடு நிறுத்திவிடாமல், மேலும் நான்கு வாரங்கள் தொடர வேண்டும் என்பது வழிகாட்டல். நொதிகள் தாமதமாகக் குறைவதே இதற்குக் காரணம். அவசரக் கருத்தடைக்காக லெவோநார்ஜெஸ்ட்ரெல் உட்கொள்ள நேர்ந்தால், வழக்கமான 1.5 மில்லிகிராமுக்குப் பதிலாக 3 மில்லிகிராம் என்று பிரித்தானிய வழிகாட்டல் கூறுகிறது. அதனினும் உறுதியானது காப்பர்–டி.

செருமானியக் கண்டுபிடிப்பு மிகையான அச்சம் ஒன்றையும் பரப்பிற்று. ரிஃபாம்பிசின் ஒரு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து என்பதால், ஆம்பிசிலின், டெட்ராசைக்கிளின் முதலிய எல்லா நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளும் கருத்தடை மாத்திரையைக் கெடுக்கும் என்ற கருத்து பல ஆண்டுகள் நிலவியது. ரிஃபாம்பிசின் இவ்வாறு செய்வது அது பாக்டீரியாவைக் கொல்வதால் அன்று. கல்லீரல் நொதிகளைத் தூண்டுவதால்தான். நொதியைத் தூண்டாத எதிர்ப்பு மருந்துகளுக்குக் கூடுதல் காப்பு தேவையில்லை என்று 2011இல் பிரித்தானிய வழிகாட்டல் மாற்றப்பட்டது. ரிஃபாம்பிசினும் அதன் உறவு மருந்துகளும் மட்டும் விதிவிலக்காக நீடிக்கின்றன.

## நிறுத்தக்கூடாத மருந்து

இவ்வளவு இடர்கள் இருந்தும் ரிஃபாம்பிசின் கைவிடப்படவில்லை. அதை நீக்கினால் சிகிச்சைக் காலம் மீண்டும் நீளும். இடையில் விடுபவர் பெருகுவர். நோய் திரும்பும். ஆதலால் ரிஃபாம்பிசினை அப்படியே வைத்துக்கொண்டு, உடன் உள்ள மருந்துகளை மாற்றுவது அல்லது அளவைச் சரிசெய்வது என்பதே மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட வழி. நோயாளி தாமாகவே இவற்றுள் எதையும் நிறுத்துவதோ கூட்டுவதோ கூடாது. காசநோய் மாத்திரையை நிறுத்துவது நோயை மருந்துக்கு அடங்காததாக்கும். பிற மாத்திரையைக் கணக்கின்றிக் கூட்டுவது ரிஃபாம்பிசின் நின்றபின் உயிருக்கே இடராகும்.

எச்.ஐ.வி. தொற்றும் காசநோயும் ஒருங்கே உள்ளவர்களுக்கு இதே முறை பின்பற்றப்படுகிறது. டோலுடெக்ராவிர் என்னும் மருந்து வழக்கமாக நாளொன்றுக்கு ஒரு முறை 50 மில்லிகிராம் கொடுக்கப்படுகிறது. ரிஃபாம்பிசின் பெறும் காலத்தில் அது இருமுறையாக்கப்படுகிறது. சில மருந்துகளுக்கு அளவைக் கூட்டியும் பயனிராது. அந்நிலையில் நொதிகளைக் குறைவாகத் தூண்டும் ரிஃபாபூட்டின் என்னும் உறவு மருந்து ரிஃபாம்பிசினுக்கு மாற்றாகிறது.

நடைமுறையில் முதல் தேவை எளியது. காசநோய் மருந்து பெறச் செல்பவர், தாம் உட்கொள்ளும் மற்ற மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துச் சென்று காட்ட வேண்டும். பல பெண்கள் கருத்தடை மாத்திரையை மருந்தாகவே எண்ணுவதில்லை. வேறு மருந்து ஏதேனும் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்றே விடை கூறுவர். ஆகவே அதைப் பெயர் சொல்லியே கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது தேவை, சிகிச்சை முடியும் நாளைப் பிற நோய்களுக்குரிய மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிப்பது. ரிஃபாம்பிசின் தொடங்கும் நாளில் செய்த மாற்றங்கள், அது நின்ற பின்னுள்ள வாரங்களில் திரும்பப் பெறப்பட வேண்டியவை.